மூன்று மணி ஷிப்ட், இரண்டேகாலுக்குக் கரண்டு போய்விட்டது: சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது?

வீட்டிலிருந்து ஷிப்ட் வேலை பார்க்கப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, அதிலும் கால் சென்டர் வேலையில் இருப்பவர்களுக்கு இது. கோலாலம்பூரில் உட்கார்ந்து இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிறவர்களின் ஷிப்ட் பெரும்பாலும் மதியம் மூன்று அல்லது நான்கு மணிக்குத் தொடங்கும், அங்கே அப்போதுதான் காலை எட்டு. நம் ஊரில் வானம் கறுத்து இடி இறங்குகிற நேரமும் அதுதான். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இதைச் சொல்லவே வேண்டாம், மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மேகம் கூடிவிடும்.

கரண்டோ லைனோ போவது உங்கள் தப்பு இல்லை. ஆனால் அதைச் சூப்பர்வைசரிடம் எப்போது, எந்த வரிசையில் சொல்கிறீர்கள் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. நான் ரோஸ்டர் போடுகிற மேசையிலும் இருந்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "அக்கா, கரண்டு இல்லை, ஸாரி" என்று ஒரு மெசேஜ் வந்தால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மூன்று மணிக்கு எத்தனை பேர் லைனில் இருப்பார்கள் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டாகிவிட்டது, அதுவும் பதினைந்து நிமிடம், அரை மணி என்று துண்டு துண்டாக. உங்கள் இடம் காலியானால் முந்தைய ஷிப்ட் ஆளை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லலாம், ஒருத்தருடைய ஓய்வு நேரத்தைத் தள்ளிப் போடலாம், இமெயில் பார்க்கிறவரை லைனுக்கு மாற்றலாம். இதில் எதைச் செய்வதென்று முடிவெடுக்க அவருக்கு மூன்று பதில் வேண்டும்: மூன்று மணிக்கு நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா, வர முடியாவிட்டால் வேறு ஏதாவது வேலை செய்ய முடியுமா, உங்களிடமிருந்து அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும்.

முதலில் ஐந்து நிமிடம்: என்ன போயிருக்கிறது என்று பாருங்கள்

பதறிப்போய் உடனே மெசேஜ் அடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் எடுத்து, போனது எது என்று பாருங்கள். ஐந்தே நிமிடம்தான், அதற்கு மேல் துப்பறியப் போனால் சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிடும்.

விளக்கு, விசிறி எல்லாம் நின்றுவிட்டதா? அக்கம்பக்கத்து வீட்டில் கரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: நடைபாதை விளக்கு எரிகிறது, லிஃப்ட் ஓடுகிறது, அதனால் நம் வீட்டில் மட்டும்தான் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். பல கொண்டோக்களில் பொது இடங்களுக்கு ஜெனரேட்டர் தனியாக இருக்கும், வீடுகளுக்குள் அது வராது. அதனால் நடைபாதையை நம்பாமல் எதிர் வீட்டில் கேளுங்கள், இல்லாவிட்டால் கீழே கார்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள். இடி இடித்த பிறகு ELCB என்று எழுதியிருக்கும் பெரிய ஸ்விட்ச் கீழே விழுந்து கிடப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். பெட்டி நனைந்திருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ கை வைக்கவே வேண்டாம். மற்றபடி, சின்ன ஸ்விட்ச் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, பெரியதை மேலே ஏற்றி, பிறகு சின்னதை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது பெரியது மறுபடி விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பெரும்பாலும் வாட்டர் ஹீட்டராகவோ வெளியே மழையில் நனைந்த விளக்காகவோ இருக்கும். அதை மட்டும் கீழேயே விட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம், வயர்மேனைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் சரியாகிற இதைப் போய் ஏரியா முழுக்கக் கரண்டு இல்லை என்று சொல்லிவைத்தால், அதே தாமானில் இருக்கும் இன்னொரு ஊழியர் ஜம்மென்று வேலைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

அக்கம்பக்கம் முழுக்க இருட்டு என்றால் தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள், அல்லது myTNB செயலியில் புகார் பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். புகார் எண் கிடைத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டு இருக்கிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்றால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் லைனுக்கான பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து வரும் ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்கேயோ அறுந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய வயர் கழன்றிருக்கலாம், மடங்கியிருக்கலாம். அந்த வயரை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியும் சிவப்பு மாறவில்லை என்றால் மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோசனமில்லை, லைன்காரர்கள் வந்துதான் ஆக வேண்டும். அது அன்றைக்கே நடக்கும் என்று நம்பி எதையும் சொல்லாதீர்கள். LOS அணைந்திருக்கிறது, PON பச்சையாக நிற்கிறது, ஆனாலும் இன்டர்நெட் இல்லை என்றால் ஒரே ஒரு தடவை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

எல்லா விளக்கும் ஒழுங்காக எரிகிறது, கைப்பேசியில் வைஃபை ஓடுகிறது, கம்பெனி லேப்டாப்பில் மட்டும் விபிஎன் ஏற மறுக்கிறதா? அப்படியானால் கோளாறு கம்பெனி பக்கமே இருக்கலாம். குழு வாட்ஸ்அப்பில் "வேறு யாருக்காவது விபிஎன் ஏறவில்லையா?" என்று கேட்டுவிட்டு, ஐடி பிரிவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அதைத்தான் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். "வீட்டில் இன்டர்நெட் இல்லை" என்று சொல்லிவிட்டால் அவர் தேட வேண்டிய இடமே மாறிப்போகும்.

எதில் சொல்வது

ஷிப்டுக்கு அரை மணிக்கு மேல் நேரம் இருந்தால் வாட்ஸ்அப் போதும், அவர் பார்த்துவிட்டாரா என்று மட்டும் கவனியுங்கள். அரை மணிக்குள் என்றால் போன் போட்டுப் பேசுங்கள், பேசி முடித்ததும் அதையே இரண்டு வரியில் மெசேஜாகவும் அனுப்புங்கள். அந்த மெசேஜ்தான் பிறகு ஆதாரம். இமெயில் மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது சொல்லாததற்குச் சமம், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் யார் இமெயில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? குழுவில் போட்டுவிடுவதும் போதாது, நாற்பது பேர் குழுவில் உங்கள் வரி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே எங்கேயோ போய்விடும்.

மிஸ்டு கால் விட்டதைச் சொல்லியாகிவிட்டது என்று கணக்கில் வைக்காதீர்கள். போன் எடுக்கவில்லை என்றால் மெசேஜ் அனுப்புங்கள், பத்து நிமிடம் பாருங்கள், பதில் இல்லை என்றால் அந்த ஷிப்டில் பொறுப்பில் இருக்கும் அடுத்த ஆளுக்கு அழையுங்கள். இதற்கு அவர்கள் எண்கள் உங்கள் சொந்தக் கைப்பேசியில் இருக்க வேண்டும். கம்பெனி அரட்டைச் செயலியில் மட்டும் வைத்திருந்தால், அது திறக்க விபிஎன் வேண்டும், விபிஎன்னுக்கு இன்டர்நெட் வேண்டும், அப்புறம் எங்கே போவீர்கள்? வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசர், அடுத்த பொறுப்பாளர், ஐடி உதவி என்று மூன்று எண்களையும் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஏரியா முழுக்கக் கரண்டு போனால் கைப்பேசிக் கோபுரம் பேட்டரியில் ஓடும், அது சில மணி நேரத்துக்குத்தான். அதற்குள் எல்லோருடைய வீட்டு வைஃபையும் செத்துப்போனதால் மொத்தத் தாமானும் கைப்பேசி டேட்டாவுக்குத் தாவும். டேட்டா ஊர்ந்து போகும், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நிற்கும். அந்த நிலையில் சாதாரண எஸ்எம்எஸ் போகும், சாதாரண அழைப்பும் பல நேரம் போகும். அதனால் சொல்வதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளை அப்படியே நடத்திப் பார்ப்போம்

செந்தூலில் ஒரு அடுக்குமாடியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், ஷிப்ட் மூன்று மணிக்கு. 2.15க்கு இடி, கரண்டு போய்விட்டது. எதிர் வீட்டிலும் இல்லை, கார்டும் "ரெண்டு பிளாக்கும் இல்லைம்மா" என்கிறார். 15454க்குப் புகார் சொல்லியாகிவிட்டது. 2.25க்கு முதல் மெசேஜ்:

"அக்கா, 3 மணி ஷிப்டுக்கு நேரத்துக்கு வர முடியுமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2.15லிருந்து எங்கள் இரண்டு பிளாக்கிலும் கரண்டு இல்லை, தெனாகாவில் புகார் கொடுத்துவிட்டேன். லேப்டாப்பில் 80 விழுக்காடு பேட்டரி இருக்கிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யலாமா? அனுமதி கிடைத்தால் சோதித்துப் பார்த்துவிட்டு 2.45க்குச் சொல்கிறேன்."

வரிசையைப் பாருங்கள். ஷிப்டுக்கு என்ன ஆகும் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது, காரணம் அதற்குப் பிறகுதான். அவர் கைப்பேசித் திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். மன்னிப்பு, மழை வர்ணனை, பக்கத்து வீட்டுக் கதை எதுவும் இல்லை. இருட்டு அறையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது எந்த அறை, எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? சிவப்பு LOS விளக்கின் படமோ செயலியில் வந்த மின்தடை அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால் அது வேறு விஷயம், அனுப்புங்கள். சூப்பர்வைசர் தமிழர் இல்லை என்றால் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப் போகிறீர்கள், அப்போதும் இதே வரிசைதான்.

கரண்டு எப்போது வரும் என்று அந்த மெசேஜில் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். "அரை மணியில் வந்துவிடும்" என்று நாமாக ஒரு நேரத்தைச் சொல்லிவிடுகிறோம், அவர் அதை நம்பி மாற்று ஆள் தேடாமல் இருக்கிறார், 3.30 ஆகிறது, கரண்டைக் காணோம். இப்போது மாற்று ஆளும் வீட்டுக்குப் போய்விட்டார். கரண்டு வரும் நேரம் உங்கள் கையில் இல்லை, அடுத்த மெசேஜ் அனுப்பும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி அனுப்புங்கள், "இன்னும் மாற்றம் இல்லை" என்பதுதான் செய்தி என்றாலும்.

அக்கா 2.32க்கு "சரி, ஹாட்ஸ்பாட்டில் டெஸ்ட் பண்ணுப்பா" என்கிறார். ஹாட்ஸ்பாட் போட்டு விபிஎன் ஏற்றிப் பார்க்கிறீர்கள், ஏறுகிறது. கால் எடுக்கும் மென்பொருளில் சோதனை அழைப்பு போட்டால் குரல் வெட்டி வெட்டி வருகிறது. பேச்சுக்கு டேட்டா அதிகம் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 80 எம்பிதான் போகும். ஆனால் அந்த டேட்டா தடங்கலில்லாமல் சீராக வர வேண்டும், கூட்டம் நிரம்பிய கோபுரத்தில் அதுதான் கிடைக்காது. வேகச் சோதனையில் நல்ல எண் வந்தது என்பதை நம்பிவிடாதீர்கள், ஒரு சோதனை அழைப்பு போட்டு இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தால்தான் தெரியும். 2.45க்கு இரண்டாவது மெசேஜ்:

"அக்கா, கரண்டு இன்னும் வரவில்லை. ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் ஏறுகிறது, ஆனால் குரல் வெட்டுகிறது, கால் எடுக்க முடியாது. இமெயில் பார்க்க முடியும், பேட்டரி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். 3 மணிக்கு இமெயிலில் உட்காரவா? அடுத்த தகவல் 3.30க்கு."

இதுதான் சூப்பர்வைசருக்குக் கைகொடுக்கும் மெசேஜ். இமெயில் பார்க்கிற ஒருத்தரை லைனுக்கு மாற்றிவிட்டு உங்களை அந்த இடத்தில் உட்கார வைப்பார், இரண்டு பக்கமும் ஓடும். பேட்டரியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள், ஹாட்ஸ்பாட் போட்ட கைப்பேசி சூடாகி அதன் சார்ஜும் வேகமாக இறங்கும், அதை லேப்டாப்பில் செருகினால் லேப்டாப்பும் சேர்ந்து இறங்கும்.

3.30க்கு "மாற்றம் இல்லை, இமெயில் ஓடுகிறது, பேட்டரி 60, அடுத்து 4.15க்கு" என்று ஒரே வரி. 4.10க்குக் கரண்டு வந்துவிடுகிறது. வந்ததும் குதித்து "வந்துட்டேன் அக்கா!" என்று அனுப்பாதீர்கள். மோடம் முழுதாக எழுந்து லைனைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும், கரண்டும் சில சமயம் வந்து உடனே மறுபடி போகும். பத்து நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள், விபிஎன் ஏற்றுங்கள், ஒரு சோதனை அழைப்பு போடுங்கள். சொன்னபடி 4.15க்கு "கரண்டு 4.10க்கு வந்தது, லைன் சோதிக்கிறேன்", பிறகு 4.25க்கு "எல்லாம் சரி, 4.30லிருந்து கால் எடுக்கத் தயார்". ரோஸ்டர் அரை மணித் துண்டுகளாக ஓடுவதால் 4.27 என்று சொல்வதைவிட 4.30 என்றால் அவருக்குச் சுலபம். அவர் "எடு" என்று சொன்ன பிறகே லைனுக்கு மாறுங்கள், இமெயிலைப் பாதியில் விட்டுவிட்டு நீங்களாக மாறினால் அந்தப் பக்கம் ஓட்டை விழும்.

ஷிப்ட் முடிந்ததும் ஒரு சின்ன இமெயில் போட்டு வைத்துவிடுங்கள்: 2.15 கரண்டு போனது, 2.25 தகவல் சொன்னது, 3.00 முதல் 4.30 வரை இமெயில் வேலை, 4.30 முதல் கால், தெனாகா புகார் எண் இது. மாதக் கடைசியில் வருகைக் கணக்கு பார்க்கிறவர் உங்கள் அக்காவாக இருக்க மாட்டார், உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் ஒன்றரை மணி நேரம் லைனில் காணோம் என்று சிவப்பில் குறித்து வைத்திருப்பார். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா, வேறு நாளில் ஈடுகட்ட வேண்டுமா, லீவில் கழிப்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒப்பந்தத்தையும் வீட்டு வேலை விதிகளையும் கரண்டு இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டும் ஏறவில்லை என்றால்

அப்போது நேராகச் சொல்லிவிடுங்கள்: "இப்போதைக்கு எந்த வேலையும் செய்ய முடியாது, என் இடத்துக்கு ஆள் போட்டுக்கொள்ளுங்கள், 4 மணிக்கு மறுபடி சொல்கிறேன்." இதைச் சொல்லத் தயங்கித் தயங்கி இழுத்தடிப்பதுதான் சூப்பர்வைசருக்குத் தலைவலி, முடியாது என்று தெரிந்தால் அவர் வேறு வழி பார்ப்பார்.

மாமாக் கடைக்குப் போய் வைஃபையில் வேலை பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். வாடிக்கையாளர் பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் தே தாரிக் குடிக்கிறவர் காதில் விழும், நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கம்பெனியும் பொறுத்துக்கொள்ளாது. அண்ணன் வீட்டுக்குப் போகலாம், ஆபீஸுக்கே போகலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழை நாளில் மாலை நான்கு மணிக்கு மேல் செந்தூலிலிருந்து பெட்டாலிங் ஜெயா போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். போய்ச் சேரும்போது ஷிப்டில் பாதி போயிருக்கும் என்றால் அவரே வேண்டாம் என்பார்.

சிவப்பு LOS விஷயம் நாள் கணக்கில் இழுக்கலாம். அப்போது தினமும் ஷிப்டுக்கு முன்பே சொல்லுங்கள், நேற்றே சொன்னேனே என்று இருந்துவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15(2) பிரிவு, முன்கூட்டி லீவு வாங்காமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாகக் கருதப்படுவார் என்கிறது. அதிலிருந்து தப்ப நியாயமான காரணம் மட்டும் போதாது, அந்தக் காரணத்தை முதலாளிக்கு முன்பே அல்லது முடிந்த சீக்கிரத்தில் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்க வேண்டும். மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

முன்கூட்டியே தெரிந்த மின்தடை வேறு ரகம். பராமரிப்புக்காக நிறுத்தப் போகிறோம் என்று தெனாகா அறிவிப்பு விடும், கொண்டோ நிர்வாகம் அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைக்கும். அதைப் பார்த்த அன்றே படம் எடுத்து அனுப்பி, அந்த நாள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமா, ஆபீஸுக்கு வரட்டுமா என்று கேளுங்கள். ஒரு வாரமாக லிஃப்டில் ஒட்டியிருந்ததை அன்றைக்கு மதியம் இரண்டரைக்கு வந்து சொன்னால், எந்த அக்காவும் "பரவாயில்லைப்பா" என்று சொல்ல மாட்டார்.